மாடி விருந்தாளிகளுக்குத் தனி வைஃபை கொடுத்த பிறகும் கீழ் வீட்டு கேமரா பெட்டி திறக்குது. எங்கே தப்பு?

தங்கச்சிமடம் செல்வி

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டு மாடியில ரெண்டு ரூம் இருக்கு, ராமேஸ்வரம் கோயிலுக்கு வர்றவங்களுக்கு நாள் வாடகைக்கு விடுறோம். ஆடி அமாவாசை, தை அமாவாசைன்னா ரெண்டு ரூம்லயும் சேர்த்து பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பாங்க. வந்ததும் கேக்குற முதல் கேள்வி தண்ணி நல்ல தண்ணியா, ரெண்டாவது வைஃபை பாஸ்வேர்டு என்ன.

ரெண்டு வருஷமா வீட்டு பாஸ்வேர்டையே கொடுத்துட்டு இருந்தோம். போன மாசம் மாடியில ஒரு குழந்தை போன்ல எதையோ அமுக்க, கீழ அத்தை பார்த்துட்டு இருந்த டிவியில கார்ட்டூன் ஓட ஆரம்பிச்சிருச்சு. அதுக்கப்புறம்தான் தனியா ஒரு வைஃபை போடணும்னு முடிவு பண்ணி, மாடிக்கு ஒரு ரவுட்டர் வாங்கினோம். அதுல `Guest Network` இருந்துச்சு. பேரு `Maadi_Guest`, பாஸ்வேர்டும் வேற. `Allow guests to access my local network` டிக்கை எடுத்துட்டேன். கீழ இருக்க டிவி மாடி போன்கள்ல தெரியுறது நின்னுபோச்சு. சரி, முடிஞ்சுதுன்னு இருந்தேன்.

முந்தாநாள் கோயம்புத்தூர்ல இருந்து வந்த ஒரு தம்பி, கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர், கிளம்பும்போது தனியா கூப்பிட்டு, "அக்கா, உங்க கேமரா பெட்டியோட லாகின் பக்கம் எனக்கு மாடியிலேயே திறக்குது, பாத்துக்கோங்க"ன்னு சொல்லிட்டுப் போனார். என் போனை `Maadi_Guest`ல போட்டு `192.168.1.108` அடிச்சேன். அப்படியே திறந்துச்சு. வாசல், கொல்லை, மாடிப்படி எல்லாம் பதிவாகுற பெட்டி அது. பாஸ்வேர்டு கேமரா போட்டவர் வெச்சதுதான், மாத்தவே இல்ல. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. டிக் எடுத்த பிறகும் எப்படித் திறக்குது?

மண்டபம் பிரபு

கீழ இருக்க பைபர் பெட்டியோட செட்டிங்ல `AP Isolation`னு இருக்கும், அதை ஆன் பண்ணுங்க, வேலை முடிஞ்சுது. ஒரு வைஃபையில இருக்க ஒரு கருவிக்கு இன்னொண்ணு தெரியாது. கூடவே வீட்டு வைஃபை பேரை மறைச்சு வைங்க, தெரிஞ்ச போன்களோட அடையாள எண்ணான மேக் நம்பரை மட்டும் அனுமதிங்க. நான் எங்க வீட்டுல அப்படித்தான் வெச்சிருக்கேன்.

ஏர்வாடி ஹமீது

அக்கா, எனக்கும் இதே தொல்லைதான். தர்காவுக்கு வர்றவங்க வீடியோ பார்த்தே நெட்டைக் காலி பண்றாங்க. ரவுட்டர்ல ஒவ்வொரு போனுக்கும் வேகத்தைக் குறைக்கலாம், `Bandwidth Control`ல போங்க. 5 எம்பிபிஎஸ் வெச்சா யாரும் கீழ வரைக்கும் இழுக்க மாட்டாங்க.

தங்கச்சிமடம் செல்வி

ஹமீது தம்பி, வேகம் எனக்குப் பிரச்சினை இல்ல. அவங்க எவ்வளவு பார்த்தாலும் சரி, கேமரா பெட்டிகிட்ட வரக்கூடாது, அவ்வளவுதான்.

பிரபு தம்பி, நீங்க சொன்ன `AP Isolation`ஐ கீழ்ப் பெட்டியில ஆன் பண்ணிப் பார்த்தேன். இப்பவும் மாடியில இருந்து திறக்குது. அது போக, எங்க வீட்டுக்காரர் போன்ல இருந்து டிவிக்குப் படம் அனுப்ப முடியல. திரும்ப ஆஃப் பண்ணிட்டேன்.

கீழக்கரை ரஃபீக்

அக்கா, நான் கடைகளுக்கும் வீடுகளுக்கும் நெட் இழுத்துக் கொடுக்கிற வேலை பார்க்கிறேன். மூணு விஷயம் சொல்லுங்க. கீழ இருந்து வர்ற கேபிள் மாடி ரவுட்டர்ல எந்த ஓட்டையில சொருகியிருக்கு, தனி நிறத்துல இருக்க `WAN`லயா, மத்ததுலயா? கேமரா பெட்டி கீழ பைபர் பெட்டியில வயர்ல இருக்கா, வைஃபையிலயா? மாடியில உங்க போனுக்கு என்ன ஐபி கிடைக்குது?

லேப்டாப் இருந்தா `Maadi_Guest`ல சேர்ந்துட்டு இதை ஓட்டி, மேல வர்ற முதல் ரெண்டு வரியை மட்டும் போடுங்க.

```
tracert -d 8.8.8.8
```

தங்கச்சிமடம் செல்வி

கேபிள் நீல நிற `WAN` ஓட்டையில. கேமரா பெட்டி கீழ வயர்ல. மாடியில போனுக்கு `192.168.0.104`. மகனோட லேப்டாப்ல ஓட்டினேன், முதல் வரியில `192.168.0.1`, ரெண்டாவது வரியில `192.168.1.1` வந்துச்சு.

கீழக்கரை ரஃபீக்

அந்த ரெண்டு வரியிலேயே பதில் இருக்கு.

உங்க வீட்டுல இப்ப ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா ரெண்டு ரவுட்டர். கீழ்ப் பெட்டிக்கு `192.168.1` வரிசை, மாடி ரவுட்டருக்கு `192.168.0` வரிசை. மாடி ரவுட்டர்ல நீங்க டிக் எடுத்தப்போ, விருந்தாளி தன்னோட `192.168.0` வரிசைக்குள்ள போகக் கூடாதுன்னு அது தடுத்துச்சு. தன் வேலையைச் சரியாத்தான் செய்யுது. ஆனா அதுக்குத் தெரிஞ்ச வீடு அது மட்டும்தான். `WAN` ஓட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கிற எல்லாமே அதுக்கு வெளி உலகம். மாடி ரவுட்டருக்கு உங்க கீழ் வீடே தெருதான்.

விருந்தாளி `192.168.1.108` அடிச்சா, "இது நம்ம வீட்டு விலாசம் இல்ல, வெளியில அனுப்பு"ன்னு `WAN` வழியா விட்டுடுது. அந்த வழியில முதல்ல இருக்கிறது உங்க கீழ்ப் பெட்டி. அது கேமரா பெட்டியைக் கையோட காட்டிடுது.

இன்னொண்ணும் கவனிங்க. கேமரா பெட்டியோட லாக்ல போய்ப் பார்த்தீங்கன்னா, வந்தது எந்த விருந்தாளி போன்னு தெரியாது. மாடி ரவுட்டர் எல்லாரையும் தன்னோட ஒரே விலாசத்துல வெளியில அனுப்பும், அதனால அந்த ஒரு ஐபிதான் பதிவாகியிருக்கும்.

முதல் வேலையா, இன்னைக்கே, கேமரா பெட்டி பாஸ்வேர்டை மாத்துங்க. மத்தது நாளைக்குப் பேசலாம்.

மண்டபம் பிரபு

ரஃபீக் காக்கா, அப்படி வழி திறந்திருந்தா டிவியும் மாடி போன்ல தெரியணுமே? செல்வி அக்கா அது நின்னுபோச்சுன்னு சொல்றாங்க.

கீழக்கரை ரஃபீக்

நல்ல கேள்வி. நிறைய பேர் ஏமாறுற இடம் இதுதான்.

டிவியைக் கண்டுபிடிக்க போன், "இங்க டிவி யாராவது இருக்கீங்களா"ன்னு தன் வரிசை முழுக்கக் கேட்கும். அந்தக் கூப்பாடு ஒரு ரவுட்டரைத் தாண்டி அடுத்த வரிசைக்குப் போகாது. அதனால டிவி பட்டியல்ல வரல. ஆனா விலாசம் தெரிஞ்சு நேரா அடிச்சா, கூப்பாடு தேவையே இல்ல, நேரா போய்ச் சேரும். டிவி மறைஞ்சதை வெச்சு வழி அடைஞ்சிருச்சுன்னு நினைக்கக் கூடாது. விலாசத்தை பிரௌசர்ல கையால அடிச்சுத்தான் சோதிக்கணும். கேமரா ஆப்பை வெச்சும் சோதிக்காதீங்க, அது கம்பெனி சர்வர் வழியா உலகத்துல எங்க இருந்தாலும் திறக்கும்.

`AP Isolation` பத்தி: அது பல பெட்டிகள்ல வைஃபையில இருக்க போனுக்கும் போனுக்கும் நடுவுல மட்டும்தான் சுவர் வைக்கும். வயர்ல இருக்க கேமரா பெட்டி அந்தச் சுவருக்கு வெளியில. மேக் நம்பர் விஷயம் இப்ப உபயோகம் குறைவு தம்பி. ஆண்ட்ராய்டு 10க்கும், ஐஓஎஸ் 14க்கும் பிறகு போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புது மேக் நம்பரை உருவாக்கிக்குது. உங்க வீட்டுல ஒரு போன் திடீர்னு சேர மாட்டேங்குதுன்னா அதுதான் காரணமா இருக்கும்.

மண்டபம் பிரபு

அம்மா போன் மாத்தினதுல இருந்து ரெண்டு தடவை அப்படி ஆச்சு. இப்பத்தான் புரியுது.

தொண்டி ஸ்டூடியோ

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க ஸ்டூடியோவுல இதுக்கு நேர் எதிர். கஸ்டமருக்குன்னு கெஸ்ட் வைஃபை போட்டேன். பையன் போனும் அதுலயே சேர்ந்துட்டுது, இப்ப பிரிண்டர் தெரியலன்னு நிக்கிறான். கல்யாண ஆல்பம் நேரத்துல இது பெரிய தலைவலி. அந்த டிக்கைத் திரும்பப் போட்டா பிரிண்டர் வருது.

கீழக்கரை ரஃபீக்

டிக்கைப் போடாதீங்க அண்ணன். போட்டா கஸ்டமருக்கும் உங்க பிரிண்டர், படம் வெச்சிருக்க கம்ப்யூட்டர் எல்லாம் திறந்துடும். பையன் போன்ல கெஸ்ட் வைஃபையை `Forget` கொடுத்துட்டு கடை வைஃபையில சேருங்க. வேலை செய்யிறவர் உள் பக்கம், வர்றவர் வெளிப் பக்கம்.

ராமேஸ்வரம் காலேஜ் பையன்

செல்வி அக்கா, மாடி ரவுட்டர்ல ஓபன்டபிள்யூஆர்டிங்கிற வேற சாஃப்ட்வேரைப் போட முடிஞ்சா புதுசா எதுவும் வாங்க வேண்டாம். `/etc/config/firewall`ல கெஸ்ட் பக்கத்துக்கு இதைச் சேர்த்தா போதும்.

```
config rule
    option name 'guest-to-home'
    option src 'guest'
    option dest 'wan'
    option dest_ip '192.168.1.0/24'
    option proto 'all'
    option target 'REJECT'
```

இன்டர்நெட் போகும், கீழ் வீட்டு வரிசைக்கு மட்டும் கதவு அடைஞ்சிடும். எங்க ரூம்ல இப்படித்தான் ஓடுது.

கீழக்கரை ரஃபீக்

தம்பி எழுதினது சரி. ஆனா அக்கா வாங்கின மாதிரி சாதாரண ரவுட்டர் எல்லாத்துலயும் அதை ஏத்த முடியாது. தப்பா ஏத்தினா ரவுட்டர் எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது. மாடல் நம்பர் ஓபன்டபிள்யூஆர்டி பட்டியல்ல இருக்கான்னு பார்த்த பிறகுதான்.

அக்காவுக்கு நான் சொல்றது இடத்தை மாத்துறது. இப்ப விருந்தாளி உள்ளேயும் வீடு வெளியேயும் இருக்கு. அதைத் திருப்பிடணும்.

மாடியில இருக்க ரவுட்டரைக் கீழ கொண்டு வாங்க. பைபர் பெட்டியோட ஒரு லேன் ஓட்டையில இருந்து அதோட `WAN`க்கு சின்ன கேபிள். வீட்டு போன், டிவி, கேமரா பெட்டி எல்லாம் இனிமே இந்த ரவுட்டர்ல. கேமரா வயரையும் பைபர் பெட்டியில இருந்து பிடுங்கி இதுல சொருகுங்க. ஒரு ரவுட்டரோட `WAN` பக்கத்துல இருந்து யாரும் தானா உள்ள வர முடியாது, உள்ள இருந்து கேட்டதுக்கு வர்ற பதில் மட்டும்தான் வரும். அதுதான் உங்க வீட்டுச் சுவர்.

மாடிக்கு இன்னொரு சின்ன ரவுட்டர், ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குக் கிடைக்கிறது போதும். அதை, தனி வரிசை போடாம வைஃபையை மட்டும் தர்ற `Access Point` மோடுல வெச்சு, மாடிக்குப் போற கேபிள்ல மாட்டுங்க. விருந்தாளிகள் பைபர் பெட்டியோட `192.168.1` வரிசையில இருப்பாங்க. அந்த வரிசையில இப்ப உங்களோடது எதுவும் இருக்காது. பிரபு தம்பி சொன்ன `AP Isolation` இங்கதான் உதவும், ஒரு ரூம்காரர் போன் அடுத்த ரூம்காரருக்குத் தெரியாம இருக்க அதை மாடியில ஆன் பண்ணுங்க.

மறக்கக் கூடாதது ஒண்ணு: பைபர் பெட்டி இப்ப விருந்தாளி பக்கத்துல நிக்குது. `192.168.1.1` அடிச்சா அதோட லாகின் பக்கம் அவங்களுக்கு வரும், வரத்தான் செய்யும். அதோட அட்மின் பாஸ்வேர்டு பெட்டி அடியில ஒட்டியிருக்கிறதாவே இருந்தா உடனே மாத்துங்க. பைபர் பெட்டியோட சொந்த வைஃபையை அணைச்சிடுங்க, ஏன்னா ரெண்டு வருஷமா வந்துபோன அத்தனை போன்லயும் அந்தப் பழைய பாஸ்வேர்டு இருக்கு. அதே காரணத்துக்காக வீட்டு வைஃபைக்கும் புதுப் பேரு, புது பாஸ்வேர்டு.

உச்சிப்புளி வாத்தியார்

தம்பி ரஃபீக், பொறுமையாக விளக்குகிறீர்கள், நன்றி. ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். எங்கள் வீட்டில் பைபர் பெட்டி ஒன்று மட்டும்தான். அதிலேயே `SSID1` முதல் `SSID4` வரை நான்கு பெயர் வைக்க இடம் இருக்கிறது. இரண்டாவதற்குத் தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் கொடுத்தால் அது விருந்தினர் வைஃபை ஆகிவிடாதா? எதற்கு இன்னொரு ரவுட்டர்?

கீழக்கரை ரஃபீக்

சார், பேரும் பாஸ்வேர்டும் வேற ஆனா மட்டும் வழி வேற ஆகாது. பல பெட்டிகள்ல நாலு பேரும் ஒரே வரிசைக்குள்ளதான் கொண்டு போய் விடும். ஒரே கூடத்துக்கு நாலு வாசல் வெச்ச மாதிரி. சில பெட்டிகள்ல அந்த ரெண்டாவது பேரை இன்டர்நெட்டுக்கு மட்டும் கட்டி வைக்க வழி இருக்கு, சிலதுல அது டெக்னீஷியன் லாகின்லதான் தெரியும். உங்க பெட்டி எந்த ரகம்னு பார்க்காம சொல்ல மாட்டேன். `SSID2`ல போனைச் சேர்த்து, மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணிட்டு, வீட்டுல வயர்ல இருக்க ஏதாவது ஒரு கருவியோட விலாசத்தை அடிச்சுப் பாருங்க. திறந்தா அது தனி வழி இல்ல.

உச்சிப்புளி வாத்தியார்

பிரிண்டரின் பக்கம் திறந்துவிட்டது. புரிந்தது.

தங்கச்சிமடம் செல்வி

ரஃபீக் தம்பி, சின்ன ரவுட்டர் வாங்கி, மகனும் நானும் நீங்க சொன்ன மாதிரியே மாத்தினோம். ரெண்டு சிக்கல். ஒண்ணு, கேமரா ஆப்புல `Device Offline`னு வருது. டிவியில கேமரா படம் தெரியுது, போன்ல வரல. ரெண்டாவது, மாடியில நெட் அஞ்சு நிமிஷம் வருது, போயிடுது, திரும்ப வருது. ஏதாவது தப்பா வெச்சுட்டேனா?

கீழக்கரை ரஃபீக்

முதல் சிக்கல் எதிர்பார்த்ததுதான், நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். கேமரா போட்டவர் பெட்டிக்கு `192.168.1.108`னு கையால விலாசம் எழுதி வெச்சிருக்கார், வெளியில போற வழியா `192.168.1.1`ஐ. இப்ப அது குடிமாறி `192.168.0` வரிசைக்கு வந்திருச்சு, ஆனா பழைய வழியையே தேடுது. டிவிக்கு நேர் வயர்ல போறதால படம் வருது. டிவியில பெட்டியோட மெனுவுக்குள்ள நெட்வொர்க் பக்கத்துல போய் ஐபி `192.168.0.108`, கேட்வே `192.168.0.1`, டிஎன்எஸ்ஸும் அதுவேன்னு மாத்துங்க.

ரெண்டாவதுக்கு செட்டிங்கைத் தொடாதீங்க. மாடிக் கேபிள் வெளிச்சுவர் வழியா போகுதா? அப்படின்னா முனையைப் பிடுங்கி வெளிச்சத்துல பாருங்க.

தங்கச்சிமடம் செல்வி

ஆப்புல கேமரா வந்திருச்சு, நாலும் தெரியுது.

கேபிள் கடல் பக்கச் சுவர்லதான் போகுது. முனையைப் பிடுங்கிப் பார்த்தேன். எட்டு கம்பியில ரெண்டு பச்சைப் பூத்துக் கிடக்கு, விரலால தொட்டா பச்சைத் தூள் ஒட்டுது. ரவுட்டரை மாத்துறப்போ கழட்டி மாட்டினதுல அது ஆடிப்போயிருக்கும் போல.

கீழக்கரை ரஃபீக்

உப்புக்காத்து. நம்ம கரையில இதைத்தான் முதல்ல பார்ப்பேன். துடைச்சு மாட்டினா பத்து நாள் ஓடும், திரும்பப் போயிடும். முனையை வெட்டிட்டு புதுசு அடிக்கச் சொல்லுங்க. வெட்டின இடத்துல உள்ள இருக்க செம்பும் கறுத்திருந்தா இன்னும் ஒரு சாண் உள்ள தள்ளி வெட்டணும். முனை சுவருக்கு உள்பக்கம் முடியட்டும்.

தங்கச்சிமடம் செல்வி

இன்னைக்குக் காலையில முனை மாத்தியாச்சு, மாடி நெட் நிக்காம ஓடுது. மாடியில உக்காந்து, மொபைல் டேட்டாவை அணைச்சுட்டு எல்லாத்தையும் கையால அடிச்சுப் பார்த்தேன். `192.168.0.108` சுத்திக்கிட்டே இருந்து கடைசியில பக்கம் வரலன்னு சொல்லிருச்சு. பழைய `192.168.1.108`ம் இல்ல. `192.168.0.1`ம் இல்ல. `192.168.1.1` மட்டும் பைபர் பெட்டி லாகின் வந்துச்சு, அதோட பாஸ்வேர்டை மாத்திட்டேன். ரஃபீக் தம்பி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.

ராமேஸ்வரம் காலேஜ் பையன்

காக்கா, ஒரு சந்தேகம். இப்ப வீட்டு நெட் முழுக்க விருந்தாளி வரிசை வழியாத்தானே வெளியில போகுது? அந்த வரிசையில இருக்க ஒருத்தன் தன்னையே பைபர் பெட்டின்னு சொல்லி நடுவுல நின்னா?

கீழக்கரை ரஃபீக்

முடியும், மறுக்க மாட்டேன். பேங்க், வாட்ஸ்அப் எல்லாம் பூட்டின பையில போற கடிதம் மாதிரி, நடுவுல நிக்கிறவனால படிக்க முடியாது. ஆனா எந்தெந்த இடத்துக்குப் போறோம்னு ஓரளவு தெரியும், தொல்லை கொடுக்க நினைச்சா நெட்டை நிறுத்தவும் முடியும். அதுக்கும் வழி வேணும்னா மாடியில இருக்கிறதையும் தனி வரிசையா, `WAN`ல மாட்டி ரவுட்டர் மோடுலயே விடலாம். அப்ப பைபர் பெட்டிக்குக் கீழ ரெண்டு கிளை, ஒரு கிளைக்கு இன்னொண்ணு எட்டாது. மாடி ரவுட்டரோட வரிசை மட்டும் வேற எண்ணா இருக்கணும், பைபர் பெட்டியோட `192.168.1` வரிசையே அதுக்கும் இருந்தா நெட் வராது.

மண்டபம் பிரபு

அப்ப முதல்லயே அப்படிச் சொல்லியிருக்கலாமே?

கீழக்கரை ரஃபீக்

சொல்லியிருக்கலாம். ஒரு தடவை பைபர் பெட்டி பழுதானா ஆள் வந்து புதுசு மாட்டிட்டுப் போவார், அப்ப எவ்வளவு குறைவா செட்டிங் இருக்கோ அவ்வளவு நல்லதுன்னு நினைச்சேன். கம்பெனிக்காரங்க தூரத்துல இருந்தே பெட்டியை பழைய நிலைக்குத் திருப்புறதும் உண்டு. அப்படி ஆனா அணைச்சு வெச்ச அந்தப் பழைய வைஃபை திரும்ப உயிரோட வந்திடும். அக்கா, மாசம் ஒரு தடவை போன்ல வைஃபை பட்டியலைத் திறந்து அந்தப் பழைய பேரு தெரியுதான்னு பார்த்துக்கோங்க. காலேஜ் தம்பி கேட்டதால வந்த ரெண்டு கிளை யோசனைதான் பலம், நான் மறுக்கல.

தங்கச்சிமடம் செல்வி

பழைய பேரைப் பார்த்துக்கிறேன். கிளை விஷயத்தை மகன்கிட்ட காட்டியிருக்கேன், ஞாயித்துக்கிழமை உக்காருறோம்னு சொல்றான்.

கடைசியா ஒண்ணு. மாடி ரூம்ல ஒரு டிவி வைக்கப் போறோம். வர்றவங்க தங்களோட போன்ல இருந்து அதுக்குப் படம் அனுப்பணும்னு கேட்பாங்க. `AP Isolation` ஆன்ல இருந்தா அது தெரியாதே? ஆஃப் பண்ணினா ரெண்டு ரூம்காரங்களும் ஒருத்தருக்கொருத்தர் தெரிவாங்க.

தொண்டி ஸ்டூடியோ

ரூமுக்கு ஒரு ரவுட்டர் வெச்சா?

ஏர்வாடி ஹமீது

எங்க வீட்டுல டிவிக்கு ஒரு எச்டிஎம்ஐ வயரைத் தொங்க விட்டிருக்கோம் அக்கா. லேப்டாப் வெச்சிருக்கவங்க மாட்டிக்கிறாங்க, போன்காரங்களுக்கு இன்னும் வழி கிடைக்கல.